சைக்கிள் கம்பியும் செவப்பு லைட்டும்

மாமா, ஏ மாமா! பேரு சொல்லிக் கூப்பிட நம்ம வூட்டுல வுடல, இப்பவும் மாமான்னுதான் வாயில வருது. காதுல வுழுதுங்களா? உங்க பொட்டி மறுபடியும் செவப்பு லைட்டைப் போட்டுக்கிட்டு முறைச்சுக்கிட்டு நின்னுச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

படிக்கிறவங்களுக்கு முதல்ல சொல்லிடறேன். நான் மாமான்னு கூப்பிடறது எங்க வூட்டுக்காரரை. அவரு மாரண்டஹள்ளியில ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தாரு. வூட்டுக்குப் பின்னால பாத்தி கட்டி, தக்காளி நாத்து வுட்டு விப்போம். தண்ணி ஊத்தறது என் வேலை. நாத்து சின்னக் கொழந்த மாதிரி, ஒரு வேளை வுட்டாலும் தலை தொங்கிடும். அதனால பொம்மிடியில இருக்கற எங்க ஆத்தா வூட்டுக்குப் போனா ஒரு நாள் தங்க முடியாது. கல்யாணமான வருசம் ஈஸ்டருக்குக்கூட பூசை முடிஞ்ச கையோட ஓடி வந்தேன். வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டேன்.

"அழுவாத புள்ள, நாத்து தானா தண்ணி குடிக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு தரேன்"ன்னாரு.

"அப்படியே சோறு தானா வேவற மாதிரியும் ஒண்ணு செய்யுங்க"ன்னேன்.

அவரு சிரிக்கல. நெசமாவே செஞ்சாரு. பழைய ரேடியோப் பொட்டிக்குள்ள என்னென்னமோ வச்சு, அதுல இருந்து ரெண்டு ஒயர் இழுத்து, ரெண்டு சைக்கிள் கம்பியில கட்டி, பாத்தியில குத்தினாரு. மண்ணு ஈரமா இருந்தா ஒரு கம்பியில இருந்து இன்னொரு கம்பிக்குக் கரண்டு நல்லா போவுமாம். காஞ்சுட்டா போவாதாம். அதை வச்சு பொட்டி தண்ணித்தொட்டி மோட்டாரைப் போடும், நிறுத்தும். பொட்டி மேல ரெண்டு திருகு. ஒண்ணு பசிக்கற அளவு, இன்னொண்ணு வயிறு ரொம்பற அளவு. பசிச்சா மோட்டார் ஓடும், ரொம்புனாதான் நிக்கும்.

"எதுக்கு ரெண்டு? ஒண்ணு பத்தாதா?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணே வச்சா, ஒரு வாய் குடிச்சதும் நிக்கும், ஒடனே பசிக்கும், திரும்ப ஓடும். டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே கெடக்கும்."

"ஓ, நீங்க பலகாரம் திங்கற மாதிரி"ன்னேன். எங்க மாமனாரு சோத்துத் தட்டுல மூஞ்சிய மறைச்சுக்கிட்டு சிரிச்சாரு.

அதுக்கு மேல ஒரு காவலும் வச்சாரு. மோட்டார் கொஞ்ச நேரத்துக்கு மேல வுடாம ஓடுச்சுன்னா, மண்ணு என்ன சொன்னாலும் கேக்காம நிறுத்திட்டு, செவப்பு லைட்டைப் போட்டுரும். இல்லன்னா தொட்டி காலியாயி மோட்டார் கருகிடுமாம்.

மாதா திருவிழாவுக்கு ரெண்டு பேரும் பொம்மிடிக்குப் போனோம். நான் ரயிலடியில எறங்கறப்பவே அவரு ஊரு பூரா பெருமை பேச ஆரம்பிச்சாச்சு. எங்க ஆத்தா கேட்டாங்க: "மாப்ள, நாத்துக்குத் தண்ணி யாரு ஊத்தறாங்க?" "பொட்டி ஊத்துதுங்க அத்தை." ஆத்தா என்னைப் பார்த்தாங்க. நான் வானத்தைப் பார்த்தேன்.

திரும்பி வந்தா, பாத்தி இல்ல. கொளம். நாத்தெல்லாம் மொதக்குது, தவளை ஒண்ணு பொட்டிக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு எங்களைப் பார்க்குது.

"உங்க ஆளு நல்லாத்தான் தண்ணி ஊத்தியிருக்கான்"ன்னேன்.

அவரு கம்பியைப் புடுங்கிப் பார்த்தாரு. ஒண்ணு நல்லாருந்துச்சு. இன்னொண்ணு துரு ஏறி, ஊசி மாதிரி எளைச்சு, பாதி மண்ணுலயே தங்கிடுச்சு. பிளஸ் பக்கத்துக் கம்பியைக் கரண்டும் ஈரமும் சேர்ந்து தின்னுடுமாம். கம்பி போச்சுன்னா ஈர மண்ணும் காஞ்ச மாதிரிதான் பொட்டிக்குத் தெரியும். சரி, காவல் இருந்துச்சே? இருந்துச்சு, நிறுத்தித்தான் இருக்கு. ஆனா ஊருல கரண்டு போய்ப் போய் வந்துச்சாம். கரண்டு வர்றப்பல்லாம் பொட்டி பழசை மறந்துட்டு, "பசிக்குது"ன்னு மொதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கு.

அதுக்கப்புறம் ஒண்ணு மாத்துனாரு பாருங்க. கரண்டு போய் வந்தா பொட்டி செவப்பு லைட்டுலயே நிக்கும். யாராவது பொத்தானை அமுக்கினாதான் திரும்ப வேலை செய்யும். எங்க ஊருல கரண்டு எப்ப போவும் எப்ப வரும்னு மின்சார ஆபீசுக்கே தெரியாது. அப்ப பொத்தான் அமுக்கறது யாரு? நான்தான்!

"ஆட்டோமேட்டிக்னு சொன்னீங்களே?"

"ஆட்டோமேட்டிக்தான். நீயும் அதுல ஒரு பார்ட்டு."

அந்தக் கம்பிக்குப் பதிலு பழைய டார்ச் செல்லுக்குள்ள இருக்கற கருப்புக் குச்சி போட்டா துரு புடிக்காதுன்னாரு. "எடுத்து வையி, நாளைக்குப் போடறேன்." நானும் தெருவெல்லாம் கேட்டு தீந்துபோன செல்லு சேத்து வச்சேன். அவரு சொன்ன அந்த 'நாளைக்கு' வரவே இல்ல. வெறும் புது சைக்கிள் கம்பிய மாத்தி மாத்தி ஓட்டுனாரு. பக்கத்து சைக்கிள் கடைக்காரரு அவரைப் பார்த்தாலே கல்லாவை மூடறதுக்கு முன்னாடி கம்பியை மறைப்பாரு.

அப்புறம் மஞ்சக்காமாலை வந்துச்சு. கண்ணு மஞ்சளாப் போனப்பகூட, "தக்காளி பழுக்கறதுக்கு முன்னாடி நான் பழுத்துட்டேன்"ன்னாரு. தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். கூட்டிட்டு வரல.

எங்க வூட்டுல பேச்சே நின்னுபோச்சு. பொட்டி மட்டும் டக்குன்னு ஒரு சத்தம் போட்டு மோட்டாரைப் போடும், டக்குன்னு நிறுத்தும். அந்த சத்தத்துக்கு நான் திரும்பிப் பார்ப்பேன். மாமனாரு எந்திரிச்சு வெளிய போயிடுவாரு.

போன வாரம் அதுவும் நின்னுச்சு. பொத்தானை அமுக்கினேன். கொஞ்ச நேரம் ஓடுச்சு, செவப்பு லைட்டு. மறுபடி அமுக்கினேன். மறுபடி செவப்பு. பாத்தி சேறாயிடுச்சு.

மாமனாரு வந்து நின்னாரு. "அம்மா, செஞ்சவனே போயிட்டான். இதுவும் போயிடுச்சு. கழட்டிடலாம். பார்க்கப் பார்க்க என்னால முடியல."

"அது சாவலீங்க. கம்பிதான் கரைஞ்சுபோச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தூக்கத்துலகூட அதைத்தான பேசுனாரு."

"சாயந்தரம் கழட்டறேன்"னு மட்டும் சொன்னாரு. எங்க வூட்டுக்காரரு கை பட்டு இன்னும் உசுரோட இருக்கறது அந்த வூட்டுல அது ஒண்ணுதான்.

சாயந்தரம் ஆவறதுக்குள்ள செல்லைக் கல்லுல வச்சு ஒடைச்சேன். கை, மூக்கு, சேலை எல்லாம் கரி. ரெண்டு குச்சி எடுத்து, தலையில இருக்கற பித்தளைத் தொப்பியில ஒயரைச் சுத்தி, கோயில்ல குடுத்த மெழுகுவர்த்திய உருக்கி அது மேல வுட்டேன், அங்க ஈரம் ஏறக் கூடாதுன்னு. பாத்தி ஓரத்துல கை வச்சுப் பார்த்து, காஞ்சு தண்ணி கேக்கற மண்ணுல ரெண்டையும் குத்தினேன். ரொம்பற திருகை ஒரு குத்துமதிப்பா வச்சுட்டு, பசித் திருகை மெதுவா திருப்பினேன். டக்கு. மோட்டார் ஓடுச்சு. ஓடுச்சு, ஓடுச்சு, நிக்கல. செவப்பு. ரொம்பற அளவை ரொம்ப மேல வச்சிருந்தேன் போல, உங்க வயித்து அளவுக்கு. கொஞ்சம் கொறைச்சு, வேற காஞ்ச எடத்துல குத்திப் பொத்தானை அமுக்கினேன். ஓடுச்சு. மண்ணு கருத்துச்சு. டக்கு. நின்னுச்சு. செவப்பு இல்ல.

திரும்பிப் பார்த்தா மாமனாரு, கையில திருப்புளியோட. எவ்வளவு நேரமா நின்னாருன்னு தெரியல.

"மூக்குல கரிம்மா"ன்னாரு. திருப்புளிய இடுப்புல சொருவிக்கிட்டு, பாத்தி ஓரத்துல குந்தினாரு. "கரண்டு போய் வந்தா நான் அமுக்கறேன். நீ உங்க ஆத்தா வூட்டுக்குப் போய் நாலு நாளு இருந்துட்டு வா."

இப்ப பொம்மிடியிலதான் இருக்கேன் மாமா. உங்க வேலையில எனக்குப் பதிலு உங்க அப்பா ஒரு பார்ட்டு. நீங்க சொன்ன அந்த 'நாளைக்கு', லேட்டா வந்தாலும் வந்துடுச்சு.

இதைப் படிக்கிற அண்ணங்களே, அக்காங்களே, எந்தச் சாமி கும்புடறவங்களா இருந்தாலும் சரி, எங்க வூட்டுக்காரரை நெனைச்சு ஒரு ஜெபம் சொல்லுங்க. நிம்மதியா இருக்கட்டும்னு வேண்டிக்கங்க. அங்க ஆண்டவரு தோட்டத்துல பொட்டி எதுவும் வைக்காம இருக்கணும்னும் சேர்த்து வேண்டிக்கங்க. அங்க பொத்தான் அமுக்க நான் இன்னும் போவல.