சுரண்டிய இடம்

வேலணையில் ஒரு கராஜில் மெக்கானிக் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. ஒரே ஓர் இடம். வந்திருந்தது நாங்கள் இரண்டு பேர். மற்றவன் இறுப்பிட்டிக்காரன். நான் இரண்டு வருடமாகத் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். அந்த வேலை கிடைக்காவிட்டால் அந்த வாசலை மிதிக்கவே வெட்கமாக இருந்திருக்கும்.

முதலாளி கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டார்ட் ஆகாத மீன் வான் ஒன்றைக் காட்டினார்.

"ஒவ்வொருத்தரா வந்து பிழையைக் கண்டுபிடியுங்கோ. பிறகு வான்காரருக்கு விளங்கச் சொல்லுங்கோ."

முதலில் அவனைத்தான் கூப்பிட்டார். நான் மதிலுக்கு வெளியே நின்றேன். அவனுடைய சப்பாத்து, சொந்தமாகக் கொண்டுவந்த, மின்சாரம் அளக்கும் மீற்றர், அவசரமில்லாத நடை எல்லாமே எரிச்சலாக இருந்தன. கால் மணித்தியாலம் போயிருக்கும், உள்ளே எஞ்சின் உறுமியது. பிழையைக் கண்டுபிடித்துவிட்டான்.

என் முறை வந்தபோது வானைப் பழையபடி ஆக்கி வைத்திருந்தார்கள். சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்ற சத்தம் மட்டும். ஹெட்லைட் மங்கவில்லை, பற்றரியும் நல்லதாகவே இருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எஞ்சினின் ஓரத்தில் ஓர் இடம் பளபளத்தது. அவன் அங்கே துருவைப் புதிதாகச் சுரண்டியிருந்தான். பற்றரியின் நெகற்றிவிலிருந்து அங்கே தற்காலிகமாக ஒரு வயரைக் கொழுவித்தான் ஸ்டார்ட் பண்ணியிருக்கிறான் என்று விளங்கிவிட்டது. அப்படியென்றால் பிழை எர்த் வயரில். குனிந்து பார்த்தேன். எஞ்சினையும் வானின் இரும்புக் கூட்டையும் இணைக்கும் அந்த வயர் பச்சை பிடித்து உக்கி, இரண்டு மூன்று இழையில் தொங்கியது. நானும் அதே இடத்தில் ஒரு வயரைக் கொழுவினேன். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது.

வான்காரர் ஊர்காவற்றுறை ஆள். "ஸ்டார்ட்டர் மாத்தவேணும் எண்டெல்லோ மற்றக் கராஜில சொன்னவை?" என்றார்.

"தேவையில்லை அண்ணை. இந்த வயரை மாத்தினாக் காணும். வானை என்னத்தால கழுவுறனீங்கள்?"

"கடல் தண்ணியாலதான். கிணத்துத் தண்ணி குடிக்கவே காணாது."

"அந்த உப்புத்தான் வயரைத் திண்டது. கடைசியா அடிப்பக்கத்துக்கெண்டாலும் ரெண்டு வாளி நல்ல தண்ணி ஊத்துங்கோ."

முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். "அவருக்குக் கால் மணித்தியாலம். உமக்கு ஐஞ்சு நிமிசம். எப்பிடிப் பிடிச்சனீர்?"

"பழக்கம்" என்றேன்.

வானைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். வேலை எனக்குக் கிடைத்தது.

போகும்போது அவன் வந்து கை தந்தான். "கெட்டிக்காரன் நீர். நான் பற்றரி வயரிலயிருந்து ஒவ்வொண்டா அளந்து பாத்துத்தான் கண்டுபிடிச்சனான்."

இத்தனை வருடமாகியும், 'டிக்' என்ற சத்தத்தோடு படுத்துவிட்ட, சுரண்டிய இடம் ஒன்றும் இல்லாத வாகனம் உள்ளே வந்தால் எனக்கு அவன் ஞாபகம்தான் வரும். வேலை என்னிடம் இருக்கிறது. பொறாமைப்படுவதும் நான்தான்.