கழுகுமலைக் கிளையின் பங்கு

மாதக் கடைசி நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கழுகுமலைக்குப் போன் போடுவேன். அங்கே எங்கள் கடையின் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு அது தெரியும். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

"சொல்லுங்கம்மா, பேனாவோடதான் உக்காந்திருக்கேன்."

கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் அவர் முதலில் ஒரு தாளில் எழுதி, பிறகுதான் அதில் ஏற்றுவார். விதை, உரம், பூச்சி மருந்து விற்கிற கடை எங்களுடையது. கோவில்பட்டியில் தலைமை அலுவலகமும் பெரிய கடையும், கழுகுமலையிலும் எட்டயபுரத்திலும் கிளைகள். நான் கோவில்பட்டியில் கணக்கு எழுதுகிறேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

குடோன் வாடகை, லாரி, ஆடிட்டர் கட்டணம், என் சம்பளம் எல்லாம் கோவில்பட்டியில்தான் செலவாகும். ஆனால் அதன் பலன் மூன்று கடைகளுக்கும் போகிறது. அதனால் மாதக் கடைசியில் அந்தச் செலவைப் பிரித்து, கிளைகளின் பங்கை அந்தந்தக் கிளையின் மேல் எழுதுவோம். என் புத்தகத்தில் கழுகுமலைக் கிளைக் கணக்கில் பற்று வைத்து, தலைமை அலுவலகச் செலவில் அதே தொகையை வரவு வைத்துக் குறைத்துக்கொள்வேன். அவர் தன் புத்தகத்தில் தலைமை அலுவலகச் செலவு என்று பற்று எழுதி, தலைமை அலுவலகக் கணக்கில் வரவு வைப்பார். ஒரு ரூபாய்கூடக் கை மாறாது. நான் எழுதியதை அவரும் எழுதவேண்டும், அவ்வளவுதான். அவர் எழுதாவிட்டால் வருஷக் கடைசியில் இரண்டு புத்தகமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

தொகையைச் சொல்வேன். திருப்பிச் சொல்வார். "ஏத்திட்டேன்" என்பார். பிறகு மழையைப் பற்றிச் சொல்வார். கோவில்பட்டியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது கழுகுமலையில் ஒரு பாட்டம் மழை அடித்துவிட்டுப் போயிருக்கும். "செருப்புல அப்புன மண்ணச் சுரண்டிக்கிட்டே சரக்கு வாங்க வாரான்வ, கடை பூராம் கரிசலாக் கெடக்கு. ஆனா உளுந்து விதை வித்துப் போயிரும் பாருங்க" என்று சந்தோஷப்படுவார். அவர் குரலைக் கேட்டே அந்த மாதம் விற்பனை எப்படி என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஆரம்பத்திலிருந்தே விற்பனைக்குத் தக்கபடிதான் செலவைப் பிரித்து வந்தோம். கோவில்பட்டியில்தான் விற்பனை அதிகம், பெரும்பங்கும் எங்களிடமே நிற்கும். கழுகுமலைக்குச் சின்னப் பங்குதான் போகும். அதைக் கழித்த பிறகும் அந்தக் கிளை லாபத்தில்தான் நின்றது. பெரிய லாபமில்லை. ஆனால் ஒரு வருஷமும் இறங்கியதில்லை.

முதலாளி பைபாஸ் ரோட்டில் புதுக் குடோன் எடுத்த பிறகுதான் எல்லாம் மாறியது. வாடகை பழையதைப் போலப் பல மடங்கு. அதற்காக வாங்கிய கடனுக்கு வட்டி வேறு. அந்த வருஷம் புரட்டாசி மழையும் சரியாகப் பெய்யவில்லை. விதைத்தவர்கள் பாதிப்பேர், அவர்களிலும் உரம் வாங்கியவர்கள் கொஞ்சம். ஒருநாள் முதலாளி என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மூணு கடைக்கும் ஒரே குடோன், ஒரே லாரி. நீங்களும் மூணுக்கும் சேத்துதான் எழுதுதீங்க. இனிமே செலவச் சமமாப் பிரிங்க."

"கழுகுமலை தாங்காது சார். அங்க விற்பனை நம்மதுல கால்வாசிகூட இல்ல."

"தாங்குதா இல்லயான்னு அப்பத்தானம்மா தெரியும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பேங்கிலிருந்து அடிக்கடி வரச்சொன்னார்கள். போய்விட்டு வரும்போதெல்லாம் முகம் தொங்கியிருக்கும். இரத்த அழுத்த மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்குவார்.

அந்த மாதக் கடைசியில் தொகையைச் சொன்னதும் அண்ணாச்சி திருப்பிச் சொல்லவில்லை.

"தப்பா வாசிச்சிட்டீங்களோ?"

"இல்ல அண்ணாச்சி. இனிமே சமமாப் பிரிக்கச் சொல்லிட்டாக."

தாளில் கூட்டிப் பார்க்கிற முணுமுணுப்பு போனில் வந்தது. கடைக்கு வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

"இத ஏத்துனா இந்த மாசம் கிளை நட்டம் காட்டுமே."

"தெரியும். நீங்க முதலாளிகிட்ட ஒருக்கப் பேசுங்க. அதுவர ஏத்தாம வச்சிருங்க."

"நான் ஏத்தாட்டி ஒங்க புஸ்தகத்துல ஒரு தொகை, எம் புஸ்தகத்துல ஒரு தொகைன்னு நிக்கும். ஒங்களத்தான கேப்பாக? பேசுதேன். இதயும் ஏத்திருதேன். சொல்லுங்க, இன்னொருக்கச் சொல்லுங்க."

சொன்னேன். ஏற்றினார். அந்த முறை மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முதலாளியிடம் அவர் பேசினார். பலனில்லை. அந்த வருஷம் முடிந்தபோது பேங்குக்காகக் கிளைவாரியாக லாப நட்டக் கணக்கு எடுத்துக் கொடுத்தேன். கோவில்பட்டி நல்ல லாபம், எட்டயபுரம் அப்படி இப்படி, கழுகுமலை நட்டம். பேங்கில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, நட்டத்தில் ஓடுகிற கிளையை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். முதலாளி திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னார்: "கழுகுமலைய மூடிருவோம்."

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. பென்சிலால் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கழுகுமலைக் கடையின் வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாம் போக அந்தக் கிளை மிச்சம் தருகிறது. நம் செலவின் பங்கை ஏற்றுவதால்தான் நட்டம் வருகிறது. கிளையை மூடினால் அந்த மிச்சம் போய்விடும். குடோன் வாடகையும் வட்டியும் அப்படியேதான் இருக்கும். கழுகுமலை சுமந்த பங்கை நாமும் எட்டயபுரமும் சுமக்கவேண்டும்.

தாளை வெகுநேரம் பார்த்தார். "நீங்க சொல்லுதது புரியுதும்மா. ஆனா பேங்க்காரவிய பாக்கது நீங்க முதல்ல குடுத்த தாளத்தான்" என்றார். "கடனப் புதுப்பிக்காட்டி மூணு கடையும் போயிரும்."

அந்தத் தாளை வாங்கி மேஜைக்குள் வைத்தேன்.

கிளையை மூடிய அன்று நான் கழுகுமலைக்குப் போயிருந்தேன். லாரியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் இரண்டு மூன்று பேர் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மா மட்டும் நேராக வந்து, "மக்காச்சோளத்துல புழு விழுந்திருக்கு, மருந்து தாங்க" என்றாள். அண்ணாச்சி லாரிமேல் ஏறி, கட்டின அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து மருந்தை எடுத்துக் கொடுத்தார். எந்த அளவில் கலக்கவேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும்போது தெளிக்கக் கூடாது என்றெல்லாம் எப்போதும்போல விளக்கிச் சொன்னார். இனிமேல் எங்கே போய் வாங்குவது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிறகு உள்ளே உட்கார்ந்து கடைசிப் பதிவுகளை எழுதினோம். இருப்பு, மேஜை நாற்காலி, சம்சாரிகள் தரவேண்டிய பாக்கி ஒவ்வொன்றையும் கிளைப் புத்தகத்திலிருந்து தலைமை அலுவலகத்துக்கு மாற்றினோம். அவர் அதைத் தலைமை அலுவலகக் கணக்கில் பற்று எழுத, நான் மடிக்கணினியில் கிளைக் கணக்கில் வரவு எழுதினேன். அந்த வருஷத்து நட்டத்தையும் அப்படியே இரண்டு பக்கமும் முடித்தோம். ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு கணக்கிலும் நின்ற தொகை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அவர் பக்கமும் பூஜ்யம், என் பக்கமும் பூஜ்யம்.

"ஒத்து வந்துட்டு" என்றார். சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார். கொஞ்சநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தது.

முதலாளி அவரை விட்டுவிடவில்லை. கோவில்பட்டியிலேயே வேலை கொடுத்தார், அதே சம்பளம். தினமும் காலையில் பஸ் ஏறி வந்து குடோனில் சரக்குக் கணக்குப் பார்த்தார். இரண்டு கடைக்கும் பொதுவான வேலை என்பதால் அவருடைய சம்பளம் தலைமை அலுவலகச் செலவில் வந்தது. கழுகுமலை இல்லாததால் எல்லாச் செலவையும் இப்போது இரண்டாகப் பிரித்தேன். எட்டயபுரத்தின் பங்கு கூடியது.

எட்டயபுரம் கிளையைப் பார்த்தவள் வேளாண்மை டிப்ளமா படித்த சின்னப் பெண். கணவனுக்கு வேலை இல்லை, கைக்குழந்தை இருந்தது. அப்படிப் பிரித்த முதல் மாதக் கடைசி அது. கையில் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத் தொகையைச் சொன்னேன். அண்ணாச்சி சரக்குச் சீட்டோடு என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இவ்வளவு எப்படிக்கா வந்துச்சு? கழுகுமலைய மூடிட்டா செலவு குறையுமுன்னு சொன்னாவளே?"

"அங்கன போன பங்கும் இப்ப நம்ம ரெண்டு பேர்மேலதான் வருதும்மா."

"குடோன்ல புதுசா ஒருத்தரு சம்பளமும் இதுல இருக்காமே. அது எதுக்குக்கா எங்க தலைல? எங்க கிளையும் நட்டம் காட்டுனா எங்களயும் மூடிருவாகளா?"

ஸ்பீக்கரை அணைக்கக் கை போனது. அதற்குள் எல்லாம் கேட்டுவிட்டது. அண்ணாச்சி சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுவாரம் அவர் வேலையை விட்டார். குடோன் வாசலில் மறித்துக் கேட்டேன்.

"அந்தப் புள்ள தெரியாமச் சொல்லிட்டா அண்ணாச்சி. நீங்கன்னு அவளுக்குத் தெரியாது."

"தெரியாமச் சொன்னாலும் கேட்டது நாயமான கேள்விதானம்மா. எங் கிளை மேல நீங்க எழுதி அனுப்பும்போது நானும் இதத்தான நெனச்சேன். இப்ப நானே ஒருத்தர் கிளை மேல ஏறி உக்காந்திருக்கேன்." சிரிக்க முயன்றார். "இங்கன எனக்குன்னு பெருசா ஒரு வேலையும் இல்ல. மனசு எரங்கித்தான் குடுத்தாரு முதலாளி. அவருமேல வருத்தமில்ல."

"நீங்க போயி எவ்வளவு குறைஞ்சிரப் போகுது?"

"கொஞ்சம் குறையும்லா."

குறைந்தது. அடுத்த மாதம் எட்டயபுரத்துக்குச் சொன்ன தொகையில் அவர் சம்பளத்தின் பாதி இல்லை. அந்தப் பெண், "கொறஞ்சிருக்கேக்கா!" என்று சந்தோஷப்பட்டாள். "ஏத்திருங்கம்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஆனாலும் அது போதவில்லை. அடுத்த வருஷக் கணக்கில் எட்டயபுரமும் நட்டம் காட்டியது. பேங்கில் அதே கேள்வி. சித்திரையில் அதையும் மூடினோம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது செலவைப் பிரித்து எழுத வேறு கிளை இல்லை. முதலாளி குடோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைக்குப் பின்னாலிருந்த பழைய இடத்துக்கே சரக்கைக் கொண்டுவந்தார். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம் என்று ஒருநாள் அவராகவே சொன்னார்.

வைகாசியில் ஒரு சாயங்காலம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். கழுகுமலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் ஒன்றில் பண்டல் எண்ணி அனுப்புகிற வேலை பார்ப்பதாகச் சொன்னார். மெலிந்திருந்தார். என் பிள்ளைகளை விசாரித்தார். முதலாளியின் உடம்பை விசாரித்தார். பிறகு கேட்டார்:

"எட்டயபுரம் எப்படி ஓடுது?"

நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவருக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

"மூடியாச்சு அண்ணாச்சி. போன மாசம்."

பையைக் கீழே வைத்தார். பஸ்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்தப் புள்ளைக்கு வேற வேல கெடச்சிட்டா?"

"இன்னும் இல்ல."

"எங்கூர்ல ஒரு மருந்துக்கடைல ஆளு கேட்டாவ. நான் விசாரிச்சுச் சொல்லுதேன். அவ நம்பரக் குடுங்க."

கொடுத்தேன். போனை எட்டத்தில் பிடித்து, ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லிச் சேமித்துக்கொண்டார். பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்து ஏறி முடிகிற வரை ஒதுங்கி நின்று, கடைசி ஆளாக ஏறினார். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஜன்னல் வழியாக என்னைத் தேடி, "வாரேம்மா" என்றார்.