ஒரு வார்த்தை கேட்காத உத்தரவு

இராமநாதபுரம் கோர்ட்டுக்கு எதிரே மாடியில் என் அலுவலகம். அந்த அம்மா பாம்பனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, நான் கதவைத் திறப்பதற்கு முன்பே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கணவரைக் கடல் கொண்டுபோய்ப் பல வருஷமாகிறது. கருவாடு காயப்போட்டுப் பிழைப்பு. பிளாஸ்டிக் பைக்குள் ரேஷன் கார்டு, கரண்ட் பில், தாசில்தார் அலுவலகக் கடிதம் ஒன்று.

பாம்பன் வடகரையில் கடல் ஏறி ஏறிக் குடிசைகளைத் தின்றுகொண்டிருந்தது. அங்கிருப்பவர்களுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுப்பதாக அரசு ஆணை போட்டது. கணக்கெடுப்பு நாளன்று கரையில் குடியிருந்த குடும்பங்களுக்கு வீடு என்பது அதில் ஒரு விதி. ரேஷன் கார்டை வைத்துப் போட்ட முதல் பட்டியலில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. பிறகு அடித்துவிட்டார்கள். கடிதத்தில் ஒரே வரி: கணக்கெடுப்பு நாள் கள ஆய்வின்போது வீடு பூட்டியிருந்ததால், குடியிருப்பு இல்லை எனக் கருதிப் பெயர் நீக்கப்படுகிறது.

"வாடைக் காத்துல வடக்குக் கடல்ல தொழில் செய்ய முடியாது வக்கீலய்யா. நாங்க தெக்குக் கரைக்குப் போயிருவோம். அங்கன ஓலையப் போட்டு ஒக்காந்துக்கிட்டு கருவாடு காயப்போடுவோம். காத்து மாறுனா திரும்பி வந்துருவோம். காலங்காலமா இதானே பழக்கம். பூட்டிட்டுப் போனா வீடு இல்லைன்னு ஆயிருமா?"

வீட்டில் ஒரு ஆளை விட்டுப் போன குடும்பங்கள் தப்பித்துக்கொண்டன. இவருக்கு ஒரே மகள், தங்கச்சிமடத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. விட்டுப் போக ஆள் இல்லை.

அதற்கடுத்து அவர் சொன்னதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

"எம் பேரை அடிக்கதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாகளா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல. இந்தா கார்டு, இந்தா பில்லுன்னு காட்டியிருப்பேன்ல."

நான் தலையாட்டினேன். என் குறிப்பேட்டில் அதை எழுதவில்லை. எழுதியது இரண்டே சொல்: 'தேதி' என்று எழுதி, பக்கத்தில் 'அநியாயம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். வாடைக் காலத்தில் கணக்கெடுக்க எவன் தேதி வைத்தான் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கரையையே அறியாத எவனோ சென்னையில் உட்கார்ந்து வைத்த தேதி. அந்த விதியையே உடைத்தால் கரை முழுக்க நன்மை, என் பெயரும் நாலு பேர் வாயில் வரும். இரண்டாவது காரணத்தை அப்போது நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டேன். அரசாணையின் அந்த விதி செல்லாது என்று அறிவிக்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை. அந்த ஒற்றை வரிக் கடிதத்தை, மனுவோடு சேர்த்துக் கட்டும் டைப் செட்டில் ஏழாவது ஆவணமாக வைத்தேன். அதை ரத்து செய்யுங்கள் என்று கேட்கவே இல்லை.

வழக்குக்கு எண் கிடைத்து, அரசு பதில் மனு போட்டு, பட்டியலில் வந்து, வராமல் போய், இறுதி விசாரணைக்கு வர இரண்டு வருஷம் ஓடியது. அந்த இரண்டு வருஷமும் அந்த அம்மா அதே குடிசையில். இரண்டாவது வாடையில் கடல் பக்கத்துச் சுவர் போய்விட்டது. தார்ப்பாய் கட்டியிருப்பதாகப் போனில் சொன்னார். "கேஸு நல்லபடியா போகுதுல்ல வக்கீலய்யா?" என்றும் கேட்டார். போகிறது என்றேன்.

நான் அரைமணி நேரம் காற்றையும் கடலையும் பற்றிப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு திட்டம் என்றால் எங்காவது ஒரு தேதி வைத்துத்தான் ஆகவேண்டும். எந்தத் தேதி வைத்தாலும் யாராவது வெளியே நிற்பார்கள். இதைவிட நல்ல தேதி இருக்கலாம். அதைத் தேர்ந்தெடுப்பது என் வேலை இல்லை, அது அரசின் கொள்கை முடிவு. சட்டத்துக்கு முரண், அப்பட்டமான பாகுபாடு, கெட்ட நோக்கம் என்று காட்டுங்கள், தலையிடுகிறேன். அப்படி ஏதாவது இருக்கிறதா?"

என்னிடம் இல்லை. நீதிபதி மனுக் கட்டைப் புரட்டி ஏழாவது ஆவணத்தில், அந்த ஒற்றை வரிக் கடிதத்தில், நிறுத்தினார்.

"இது கொள்கை இல்லையே. ஒரு அதிகாரி ஒரு பெண்மணியைப் பற்றி எடுத்த முடிவு. பட்டியலில் இருந்த பெயரை நீக்கும் முன் நோட்டீஸ் கொடுத்தார்களா? விளக்கம் கேட்டார்களா? பூட்டியிருந்தால் குடியிருப்பு இல்லை என்று எதை வைத்து முடிவுக்கு வந்தார்கள்? இதையெல்லாம் நான் துருவிப் பார்க்க முடியும். நீங்கள் ஏன் இதை எதிர்க்கவில்லை?"

நானும் அந்தக் கடிதத்தைப் புரட்டி எடுத்தேன். நாட்டுக்கே பொதுவாக ஒரு கோடு போடும்போது அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்க முடியாது, அதனால் கோர்ட்டும் எட்டி நிற்கும். ஒரு ஆளின் பெயர்மீது கோடு போடும்போது அந்த ஆளைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்காவிட்டால் கோர்ட்டு கிட்டே வந்து பார்க்கும். சட்டக் கல்லூரியில் படித்த பாடம்தான். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதைப் படிக்காமலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

மனு தள்ளுபடி. நீக்கிய உத்தரவைத் தனியாக எதிர்க்க அனுமதி. மறுவாரமே புது மனு போட்டேன். மூன்று பக்கம்தான். காற்றும் கடலும் அதில் இரண்டு வரி. நான்கு மாதத்தில் உத்தரவு வந்தது: பெயரை நீக்கியது ரத்து, மனுதாரரை நேரில் விசாரித்து, அவர் காட்டும் ஆவணங்களைப் பார்த்து, எட்டு வாரத்துக்குள் காரணத்தோடு புதிய முடிவு எடுக்க வேண்டும்.

சந்தோஷமாகப் போன் போட்டேன். மகள் எடுத்தார். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இருபது நாளாகிறது, தார்ப்பாய்க்கு அடியில் விழுந்துகிடந்தவரைப் பக்கத்து வீட்டார்தான் பார்த்துத் தூக்கிப்போனார்கள் என்றார். இரத்தக் கொதிப்பு, எங்கே இருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். நான் அதை நம்பப் பார்க்கிறேன், முடியவில்லை.

விசாரணை நாளில் இராமேஸ்வரம் தாலுகா ஆபீசுக்கு ஆட்டோவில் கூட்டிவந்தோம். தாசில்தார் புதிதாக வந்தவர், நல்ல மனிதர். எழுந்துவந்து தன் பக்கத்தில் நாற்காலி போட்டார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"சொல்லுங்கம்மா. அன்னைக்கு ஏன் வீடு பூட்டியிருந்துச்சு?"

வாய் கோணிற்று. சத்தம் வந்தது, சொல் வரவில்லை. மறுபடி முயன்றார். பிறகு இடது கையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே வடக்கே காட்டினார். அந்தக் கையையே தெற்கே கொண்டுபோனார். மறுபடி வடக்கே கொண்டுவந்து, சாவி திருகுவதுபோல விரலைத் திருகினார். மகள் சுவர் பக்கம் திரும்பி அழுதார். மற்றதை நான் சொன்னேன். கார்டும் பில்லும் அதே பிளாஸ்டிக் பையிலிருந்துதான் வந்தன. தாசில்தார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் வீடு ஒதுக்கி உத்தரவு வந்தது.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். வாசல் பக்கம் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மகள் டீ கொடுத்தார். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் வாயை அசைத்து என்னவோ சொல்ல ஆரம்பித்தார். நீளமாக, விடாமல்.

"என்னமோ சொல்ல வாராக வக்கீலய்யா. எனக்கே வெளங்கல" என்றார் மகள்.

கட்டில் பக்கத்தில் குத்தவைத்து, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டேன். ரொம்ப நேரம் கேட்டேன். ஒரு சொல்லும் புரியவில்லை. தெளிவாகச் சொன்ன அன்றைக்கு நான் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.