வேதகிரி கேட்ட மூன்று கேள்விகள்

நான் சொல்லப்போவது சத்தியமாக நடந்தது. கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். இழுக்காமல் சொன்னால் டீ ஆறுவதற்குள் கதை முடிந்துவிடும்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர் வேதகிரி. அவர் குரலுக்கு பஸ்ஸே பயந்து பிரேக் போடும். பிடித்ததை விடமாட்டார். அன்றைக்குக் காலை, ஆட்டோ முதுகில் எழுதிய நம்பரைப் பார்த்து வைத்திருந்த ஒரு பெண் போன் செய்தாள். பெயர் ஜெனிஃபர், ஊர் திருச்சி.

"அண்ணே, ரயில்வே ஸ்டேஷனுக்கு எப்படிப் போறது?"

"எங்கேர்ந்து போற?"

"சித்தி வீட்லருந்து."

"எதுல போற?"

"எதுலயாவது போய்த்தான் ஆகணும்ண்ணே. நாளைக்குக் காலைல திருச்சி ஆஸ்பத்திரில வேலைக்குச் சேரலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க."

"எப்போ போற?"

"ரயில் வர்ற நேரத்துக்கு."

லைன் கட்டாகிவிட்டது. எங்கள் ஊரிலோ ஸ்டேஷனே கிடையாது. பக்கத்தில் நின்ற வரதன், "பேஜாரு புடிச்ச கேசு, வுடுப்பா" என்றான்.

"பாவம், வேல போயிடும்டா!" என்று சொல்லிக்கொண்டே வேதகிரி திரும்ப போன் அடித்தார். சிக்னல் இல்லை. ஆட்டோ கூரைமேல் ஏறி அடித்தார். நூறு முறை அடித்திருப்பார். சரி, பத்து முறை.

லைன் கிடைத்ததும் விடவில்லை. "சித்தி வூடு எந்த ஊரும்மா?"

"பெருநகர்."

"சொந்த வண்டி கீதா, இல்ல பஸ்ஸா?"

"பஸ்தான்."

"டிக்கெட்டுல எந்த ஸ்டேஷன் போட்டுகீது?"

"அண்ணன் அனுப்புனாரு, இருங்க... செங்கல்பட்டு. ரெண்டே முக்காலுக்கு ரயில். சாப்ட்டுட்டு ஒரு மணிக்குக் கிளம்பலாம்னு இருக்கேன்."

"ஐயோ கண்ணு! ஒரு மணிக்குக் கெளம்புனா ரயிலுக்கு டாட்டா காட்டத்தான் போவ. சோத்தைப் பொட்டலம் கட்டிக்கினு இப்பவே உத்திரமேரூர் பஸ்ஸைப் புடி. இங்க எறங்கி செங்கல்பட்டு பஸ் ஏறு. நான் நிக்கிறேன்."

சொன்னபடியே நின்றார். இரண்டு சவாரியை விட்டார். அவள் இறங்கியதும் பெட்டியைத் தூக்கி செங்கல்பட்டு பஸ்ஸில் வைத்து, கண்டக்டரிடம், "இது ரயிலுக்குப் போற பொண்ணு. ஸ்டேஷன் பக்கமா எறக்கி வுடு" என்று மிரட்டாத குறையாகச் சொன்னார்.

மூன்று மணிக்கு ரயிலில் இருந்து ஜெனிஃபர் பேசினாள். உட்கார இடமும் கிடைத்துவிட்டதாம்.

இதை நேற்று எல்லம்மாள் டீக்கடையில் சொன்னேன். வரதன் உடனே, "காஞ்சிபுரம் போயி அங்க ரயில் புடிச்சே செங்கல்பட்டு போயிருக்கலாமே?" என்றான்.

"அந்த ரயிலு எப்ப வரும்னு உனக்கு இன்னா தெரியும்?" என்று எல்லம்மாள் கரண்டியோடு திரும்பினாள்.

"பழையசீவரம் ஸ்டேஷன் அதைவிடக் கிட்டடா!" என்றது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"நீ ஒரு நாளாவது அங்க ரயில் ஏறிக்கீறியா?" என்றான் வரதன்.

"ஏன், உங்க அப்பன் வூட்டு ரயிலா?"

வரதன் கிளாஸை வைத்துவிட்டுச் சண்டைக்கு எழுந்தான். நான் என் டீயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.