மடியில் மிக்சியோடு ஒரு செய்தி

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு அருகே பிரௌசிங் சென்டர் வைத்திருந்தான் கூத்தையா. சொந்தமாக ஒரு பிளாக்கும் எழுதினான். யார் வீட்டுக் கல்யாணத்தில் ரசம் தண்ணியாக இருந்தது என்பதுவரை அதில் வரும். வளைகுடாவில் இருக்கும் நம்மூர் ஆட்கள் விழுந்து விழுந்து படிப்பார்கள், நம்பத்தான் மாட்டார்கள். பாதி விஷயத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

சுனாமி வந்து மூன்று வருஷம் இருக்கும். ஒரு சாயங்காலம் டிவியில் மறுபடி சுனாமி எச்சரிக்கை. செல்போன் லைன் எதுவும் கிடைக்கவில்லை. பத்து பிளாக்கில் அதே டிவி வரியைப் போட்டுவிட்டார்கள். கூத்தையா பழைய பதிவின் கீழே வந்த ஒரு பின்னூட்டத்தைக் காட்டினான். துபாயில் இருக்கும், பக்கத்துக் கடலோர ஊரான பெரியபட்டினத்து ஹமீது சுல்தான் எழுதியிருந்தார்: “எம் பொஞ்சாதி சல்மா நிறைமாசம். போன் போகல. யாருக்காச்சும் தெரியுமா?”

“நீயும் டிவியில வந்ததப் போட்டுரு” என்றேன்.

“அது அவருக்கே தெரியும்ணே. ஊருல என்ன நடக்குதுங்கிறதுதான் வேணும். ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போட்டா எவன் படிப்பான்? நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கன இருந்து வந்த டிரைவரக் கேளுங்க.”

நான் ஓடினேன். பஸ் ஓடுகிறது, ரோடு சரியாக இருக்கிறது என்றார் டிரைவர். அதற்குள் கூத்தையா, பெரியபட்டினத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் மஹ்மூதைத் தரைவழி போனில் பிடித்திருந்தான்.

“கடல் உள்வாங்குச்சுங்கிறாய்ங்களே பாய்?”

“எவன் சொன்னது? இப்பத்தான் பாத்துட்டு வாரேன். காலையில கிடந்த இடத்துலதான் கிடக்கு. சனமெல்லாம் மேட்டுல மதரசாவுல இருக்கு.”

“சல்மாவப் பாத்தீகளா?”

“பாத்தனே! மிக்சிய மடியில வச்சுக்கிட்டு, மாமியாளத் தொட விடமாட்டேங்குது.”

பதிவு தயாரானது. 6.10 மணிக்கு மஹ்மூது பார்த்தது, டிரைவர் சொன்னது, இன்னும் தெரியாதது, எச்சரிக்கை நீங்கும்வரை கடலோரம் போகாதீர்கள் என்பது. மிக்சியை மட்டும் விட்டுவிட்டான்.

எல்லா பிளாக்கையும் ஒரே இடத்தில் காட்டும் திரட்டியில் சேர்த்த ஐந்தாம் நிமிஷமே ஹமீதின் பின்னூட்டம்: “நீங்க கதை விடுற ஆளு. ஆறுதலுக்குச் சொல்றீகளா?”

கூத்தையாவின் முகம் செத்துவிட்டது.

“ஏலே, மிக்சியப் போடு” என்றேன்.

“வம்பா இருக்கும்ணே.”

“வம்புலதான்டா அடையாளம் இருக்கு. பேரு வேணாம், போடு.”

‘6.25-க்குச் சேர்த்தது: மஹ்மூது மதரசாவில் பார்த்த ஒரு நிறைமாசக்காரப் பெண், மடியில் மிக்சி, மாமியாரோடு சண்டை’ என்று ஒரு வரி சேர்த்தான். பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தோம். டீ ஆறிப்போன நேரத்தில் ஹமீதின் பதில் வந்தது:

“நான் அனுப்புன மிக்சி. அது எம் பொஞ்சாதிதான். அல்ஹம்துலில்லாஹ். சண்டை போடுதுன்னா நல்லா இருக்கா.”

கூத்தையா மூக்கை உறிஞ்சிவிட்டு, ஃபேன் காற்று என்றான். ஃபேன் ஓடவில்லை.

கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். அதைப் பதிவின் உச்சியில் நேரத்தோடு போட்டான். மறுநாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் நாலே பேர். அதில் ஒருவர் ஹமீது:

“போன் கிடைச்சுருச்சு. நான் எப்படி இருக்கேன்னு சல்மா கேக்கல. ‘மிக்சி மூடி மட்டும் வீட்டுலயே விட்டுப்போச்சு’ன்னு அழுதுச்சு.”