வரைய ஒன்றுமில்லாத தாள்

அந்த ஆஸ்பத்திரியில் ‘கட்டு அக்கா’ என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கை இருக்கிறதே, பட்டதே தெரியாது. வாரத்துக்கொரு முறை கண்ணாடித் தாளைப் புண்மேல் வைத்து, ஓரத்தை வரைந்து தேதி போடுவது அவள் வழக்கம். வேறு யாருக்கு அந்தப் பொறுமை வரும்?

காலில் புண்ணோடு அவளிடம் வந்த தையல்காரர் அவளைவிட மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். பன்னிரண்டு வருஷச் சர்க்கரை. வலது கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் உடைந்த ஊசி ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு மரத்துப்போன கால். மூன்றாவது தாளிலும் புண் குறையவில்லை.

"இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம். இல்லேன்னா விரலை எடுக்கணும்" என்றார் டாக்டர்.

தையல்காரரின் மனைவிக்கு அழுகை முட்டியது. "எல்லாருக்கும் ஆறுதே அக்கா, இவருக்கு மட்டும் ஏன்?"

"மொதல்ல ரத்தம் உறைஞ்சு வாயை அடைக்கும். அப்புறம் வீங்கிச் சிவக்கும். உள்ள வெள்ளணு வந்து கிருமியையும் குப்பையையும் தின்னுட்டு இருக்கும். அது முடிஞ்சாத்தான் புதுச் சதை வரும். சர்க்கரை ஏறினா வெள்ளணு மந்தமாயிடும். சின்ன ரத்தக்குழாயும் கெட்டுப்போய், ரத்தம் சரியா போகாது. அதான் புண்ணு வீக்கத்துலயே நிக்குது. அண்ணே, நடக்கறீங்களா?"

"சத்தியமா இல்லக்கா! கக்கூஸுக்குக்கூட இவ தோளைப் பிடிச்சு ஒத்தக் கால்லதான் போறேன்."

மனைவியும் தலையாட்டினாள். ஆனால் பழைய கட்டைப் பிரித்த அக்காவின் கண்ணில் அது பட்டுவிட்டது. உள்ளங்கால் பக்கத்தில் ஒட்டியிருந்தது நீல நூல். துணி முழுக்கக் கம்பிக் கம்பியாக அழுத்திய கறுப்புத் தடம்.

"அண்ணே, இது மிஷின் மிதி தானே?"

"ஆமா. உக்காந்துதானேக்கா தைக்கிறேன்! நடக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க?"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட கடவுளே! நாளெல்லாம் புண்ணை மிதிச்சுக்கிட்டு, புதுச் சதை வரலேன்னு அழறீங்களே! வலிச்சிருந்தா முதல் நாளே நிறுத்தியிருப்பீங்க. வலி செத்துப்போனதுதான் உங்க எதிரி." உடனே குரல் இறங்கியது. "என் தப்பும்தான். மிதிக்காதீங்கன்னு சொல்லியிருக்கணும்."

அன்றே மிஷின் சக்கரத்தை ஓட்டும் தோல்வாரைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லித் தன் மேசை இழுப்பறையில் பூட்டினாள். அவர் கட்டிலில் காலை நீட்டிப் பித்தானும் காஜாவும் மட்டும் கையால் தைத்தார். இன்சுலினும் ஒழுங்காக ஏறியது. அடுத்த தாளில் கோடு நூலளவு சுருங்கியது, அதற்கடுத்ததில் விரலளவு. புண்ணின் அடியில் செக்கச்செவேலென்று மணி மணியாகச் சதை. விரலைப் பற்றிய பேச்சை டாக்டர் அதன்பின் எடுக்கவில்லை.

பதினோராவது வாரம் அக்கா தாளை வைத்தாள். பேனா நின்றது. வெளிர்நிறத் தோல் மூடியிருந்தது.

"உள்ள தழும்பு இன்னும் மாசக்கணக்கா இறுகும். ஆனா பழைய தோல் பலம் முழுசா வராது. தினம் காலைக் கண்ணால பார்க்கணும்; அது உங்ககிட்ட எதுவும் சொல்லாது" என்றாள்.

வெற்றுத் தாளில் தேதியை மட்டும் போட்டுத் தையல்காரர் கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.

"அழுதது போதும்ணே" என்று மூக்கை உறிஞ்சினாள் அக்கா. "தோல்வாரை இப்போ தரமாட்டேன். தழும்பு இறுகட்டும்."