அறுபத்து நான்கு கிளிப்புகளுக்கு நான் வைத்த பெயர்கள்

இருபத்தேழு வருடமாக ராமநாதபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு குடும்பம் நடத்தி வருகிறேன். ஒரு விஷயத்துக்கு ஒரு கோப்பு, அதற்கு ஒரு பொருள் வரி, பக்கத்துக்குப் பக்கம் எண். இவை ஒழுங்காக இருந்தால் மனு கொடுத்தவர் செத்துப்போனாலும் மனு வாழும். இந்த ஞானத்தோடுதான் என் மகளின் ஹார்ட் டிஸ்கைத் தொட்டேன். இன்றைக்கும் அதன் நீல விளக்கு மினுக்கினால் நான் அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

மகள் கல்யாண வீடியோ எடுக்கிறாள். ஏர்வாடிப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் நிக்காஹ். பெண்கள் பகுதியைப் பெண்தான் படம் பிடிக்க வேண்டும் என்று தேடி அவளை அழைத்திருந்தார்கள். அவள் சொந்தமாக ஒப்புக்கொண்ட முதல் வேலை. மணப்பெண்ணின் வாப்பாவுக்கு வளைகுடாவில் லீவு கிடைக்கவில்லை. மகள் கல்யாணத்தை அவர் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளையும் அவர் இருக்கும் ஊரில்தான் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது படத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய் மாமனார் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. அதனால் வெள்ளிக்கிழமை என்பது எங்கள் வீட்டில் கிழமையாக இல்லாமல் பரீட்சையாக இருந்தது.

படம் பிடித்தது இரண்டு கேமராக்களில்: பெண்கள் பக்கம் இவள், ஆண்கள் பக்கம் கூலிக்கு அழைத்த ஒரு பையன். வாடகைக்கு எடுத்த பெரிய கேமராக்கள். ஒவ்வொரு கிளிப்பும் அத்தனை கனம். எங்கள் லேப்டாப்போ, அவள் கல்லூரியில் சேர்ந்தபோது நான் பத்துக் கடை ஏறி இறங்கி, இருப்பதிலேயே விலை குறைந்ததைத் 'தேர்வு' செய்தது. பிளே பட்டனை அமுக்கினால் மாப்பிள்ளை ஒரு கண்ணை மூடுவார். அடுத்த கண்ணை மூடுவதற்குள் நான் ஒரு காபி குடித்துவிடலாம்.

அதற்கு அவள் ஒரு வழி செய்தாள். ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன அளவில், தரம் குறைந்த ஒரு நகல். அதற்குப் பெயர் ப்ராக்ஸியாம். காலையில் ஆரம்பித்தது சாயங்காலம் வரை ஓடியது. உள்ளே ஃபேன் போட்ட இரைச்சலில் லேப்டாப் சூட்டில் வெந்துவிடும் என்று பயந்து, இரண்டு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதை மேலே தூக்கி வைத்தாள் என் மனைவி. நகல்கள் லேப்டாப்பிலேயே இருந்தன. அசல்கள் ஹார்ட் டிஸ்கில். இனி வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நகலை வைத்து. கடைசியில் படமாக வெளியே எடுக்கும்போது மென்பொருள் அதே வெட்டுகளை அசலில் பொருத்திக்கொள்ளும். மாப்பிள்ளை இப்போது தடையில்லாமல் கண் சிமிட்டினார்.

"அப்ப இது ஜெராக்ஸ்" என்றேன் மகளிடம்.

"ஆமாய்யா. ஆனா ஒரிஜினல் பேரு மாறாம, வச்ச எடத்துலயே இருக்கணும். அத வச்சுத்தான் அது தேடும்."

ஜெராக்ஸ் என்றதை அவள் ஒப்புக்கொண்ட பெருமையில் மீதி என் காதில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேறொரு வீட்டு வேலை பேசப் பரமக்குடி போனாள். உதவி என்று எதையாவது செய்யாமல் எனக்கு உட்கார வராது. டிஸ்கைச் சொருகினேன். உள்ளே இரண்டு ஃபோல்டர், கேமராவுக்கு ஒன்று. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு கோப்பா? அலுவலகத்தில் இதற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுப்போம். ஒன்றில் இருந்ததை இழுத்து மற்றதில் போட்டேன். இரண்டிலும் ஒரே பெயர்கள் இருக்கின்றன, பழையதை அழித்துவிட்டு இதை வைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

அந்த இடத்தில் என் சுட்டுவிரல் ஒரு நிமிடம் நின்றது. 'ஆம்' என்று அமுக்கியிருந்தால் பாதிக் கல்யாணம் போயிருக்கும். நான் அமுக்காததற்குக் காரணம் அறிவு அல்ல. எதற்கும் உடனே சம்மதம் தராத அரசு ஊழியனின் பழக்கம்.

ஆகவே முதலில் பெயர்களை மாற்றினேன். ஒவ்வொன்றையும் திறந்து, முதல் காட்சியை மட்டும் பார்த்து, வரிசை எண்ணும் பொருளும் கொடுத்தேன். '17 – பிரியாணி, பொது.' '23 – முதியவர், கோபமாக.' '38 – பெண்கள், அமர்ந்த நிலை.' மொத்தம் அறுபத்து நான்கு. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்துவிட்டு எழுந்தபோது, ஓய்வுபெற்ற பிறகும் எனக்கு வேலை இருக்கும் என்ற நிறைவு வந்தது.

நான்கு நாள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவள் டிஸ்கைச் சொருகாமல் நகலை வைத்தே வெட்டி முடித்தாள். வியாழக்கிழமை மதியம் டிஸ்கைச் சொருகி, ப்ராக்ஸியை அணைத்து, அசல் எப்படி இருக்கிறதென்று பார்த்தாள். திரை முழுக்கச் சிவப்பு. கோப்பைக் காணவில்லை என்று பல மொழிகளில் எழுதியிருந்தது. நிக்காஹ் இருந்த இடம் சிவப்பு, விருந்து இருந்த இடம் சிவப்பு.

"அய்யா, டிஸ்கத் தொட்டீகளா?"

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள். ஒழுங்குபடுத்தினேன் என்றேன். ஃபோல்டரைத் திறந்து என் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள், முப்பத்தெட்டில் நின்றாள்.

"அவுக வீட்டு ஆம்பளைகளே பாக்காதத நீங்க பாத்து நம்பர் போட்டிருக்கீக. என்னை நம்பித்தான் கூப்பிட்டாக."

முதல் காட்சி மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி பார்த்த பார்வையில் அது உள்ளேயே நின்றது.

காப்பாற்றியது ப்ராக்ஸிதான். கேமரா வாரியாகப் பிரித்து வைத்திருந்த நகல்களின் பெயரில் அசலின் பழைய பெயர் அப்படியே இருந்தது. நகலும் அசலும் வினாடி பிசகாமல் ஒரே நீளம். நீளத்தை ஒப்பிட்டு, முதல் காட்சியைச் சரிபார்த்து, பழைய பெயரைத் திருப்பி வைத்து, பழையபடி இரண்டு ஃபோல்டராகப் பிரிக்க வேண்டும். அசலைக் காட்டினால்தான் ஜெராக்ஸில் கையெழுத்துப் போடுவேன் என்று எத்தனை பேரை மறுபடி பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். என் வீட்டில் ஜெராக்ஸ் வந்து அசலுக்குச் சான்று சொன்னது.

பெண்கள் பகுதிக்குத் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். எனக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு தாளில் பழைய பெயரையும் புதிய பெயரையும் எழுதும் பணி மட்டும் தரப்பட்டது. "இருபத்திமூணு, கோபக்கார முதியவர், எந்தக் கேமராங்க?" என்று மனைவி வேண்டுமென்றே ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தாள். 'பிரியாணி, பொது' வந்தபோது மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில்தான் எனக்கு மூச்சே வந்தது.

பொழுது சாயும்போது அறுபத்து நான்கும் பழைய இடத்தில் நின்றன. மென்பொருளைத் திறந்ததும் சிவப்பு போய்விட்டது. படத்தை வெளியே எடுக்கப் போட்டுவிட்டு, சமையலறைப் பக்கம் என்னை நடமாடக்கூட விடவில்லை. மிக்ஸி போட்டுக் கரன்ட் போனால் அதற்கும் நானே பொறுப்பு என்றார்கள். காலையில் முடிந்தது. நானே பஸ்ஸில் ஏர்வாடி போய்ப் பென்டிரைவைக் கொடுத்தேன். மாப்பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து வளைகுடாவிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். மாமனார் தங்கியிருக்கும் அறையின் டிவியில் படம் ஓடவில்லையாம். ஒரு அடி எடுத்து வைக்கிறது, நிற்கிறதாம். அசலிலிருந்து எடுத்த அந்தக் கனத்த படத்தை அந்தப் பழைய டிவியால் தூக்க முடியவில்லை. மகள் பெருமூச்சுவிட்டு, சின்ன அளவில் இன்னொன்று எடுத்து இணையத்தில் அனுப்பினாள். ஏறக்குறைய ப்ராக்ஸியின் அளவு.

மறுநாள் மணப்பெண்ணின் வாப்பாவே குரல் செய்தி அனுப்பினார். மகள் எனக்குப் போட்டுக் காட்டினாள். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா ஓடுதும்மா. ரூம்ல எல்லாரும் மூணு தடவ பாத்துட்டோம். என் புள்ள வர்ற எடத்த மட்டும் நான் தனியா பாத்தேன், அழாம இருந்துச்சான்னு. அழுகல. ஒண்ணு மட்டும் கேக்கணும்மா. சகன்ல உக்காந்து திங்கிறானே எந்தம்பி, அவன் போட்டிருக்கறது என் சட்டைதான? நான் பெட்டியில பூட்டி வச்சிட்டு வந்தது."

சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் ஒன்றாகச் சாப்பிடும் அந்தக் காட்சியை மகள் அசலில் பெரிதாக்கிப் பார்த்தாள். சட்டைப் பையில் அவர் பெயரின் முதல் எழுத்து தைத்திருந்தது; அவருக்குப் போன சின்னப் படத்தில் அது தெரியாது. என்ன பதில் சொல்வதென்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.